முழங்கை நழுவினால்

கம்பத்துத் திராட்சைப் பந்தலில் ஏணி சரிந்து, கையூன்றி விழுந்தவருக்கு முழங்கை பின்பக்கமாக நழுவிவிட்டது என்று வையுங்கள். எண்ணெய் போட்டு உருவாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

மூட்டைச் சேர்த்ததும் டாக்டர் கையை மெல்ல மடக்கி நீட்டிப் பார்ப்பார். நீட்டும்போது மறுபடி நழுவாமல் நின்று, எக்ஸ்ரேயிலும் முறிவு இல்லையென்றால் கட்டு 1 வாரம், மிஞ்சினால் 2 வாரம் போதும். பிறகு டாக்டர் சொன்னபடி தினமும் பலமுறை மடக்கி நீட்ட வேண்டும். “ஒரு மாசம் கிடக்கட்டுமே” என்பார்கள் வீட்டிலே. 3 வாரம் தாண்டினால் மூட்டு இறுகி, கை முழுசாக நீளாமல் போகலாம்.

நழுவலோடு ஆரை எலும்பின் தலையும், பக்கத்து எலும்பின் முன்முனையும் உடைந்திருந்தால் மூட்டு நிலைக்காது. அதற்குப் பெரும்பாலும் ஆபரேஷன்தான், க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். கட்டுக்குள் விரல் மரத்தாலோ வெளுத்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள்.