அக்காவின் அதிரசம்

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் ஒரு தம்பி தன் அக்காவுக்கு எழுதிய மன்னிப்புக் கடிதம் இது. கேளுங்கள்.

"அன்புள்ள அக்காவுக்கு, உன் பங்கு அதிரசம் ஐந்தையும் தின்றது நான்தான். திருட்டு இல்லை, பரிசோதனை. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் போகுமுன் அம்மா இடித்ததை நீயே பார்த்தாய். வெல்லப்பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் விரலில் மெத்தென்று திரள வேண்டும். பாகு இளகினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும்; முறுகினால் கல்லாகிவிடும். நமக்கு என்ன பதம் வந்தது என்று யாராவது பார்க்க வேண்டாமா? முதல் அதிரசம் மெத்தென்று இருந்தது. ஒன்றை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை, அதனால் இரண்டாவது. மூன்றாவது, ஓரம் மொறுமொறுப்பா என்று பார்க்க. நாலாவதற்குக் காரணம் யோசிப்பதற்குள் ஐந்தாவதும் தீர்ந்துவிட்டது. எறும்பு வராமல் தூக்கைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்."

கடிதத்தின் ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. அக்கா கோபிக்கவில்லை. பின்பக்கத்தில் ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்தாள்: "மிச்ச மாவு எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

பாகில் பிசைந்த அதிரச மாவு பல நாள் கெடாது.