பெயரில்லாத கட்டுரை யாருடையது?

1906-இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் பாரதியார் நிறைய எழுதினார். பல கட்டுரைகளில் பெயரே கிடையாது. அவற்றுள் எவை அவருடையவை என்று ஆய்வாளர்கள் வாதாடியிருக்கிறார்கள்.

இதற்கு உதவும் ஒரு வழி, எழுத்துகளை மும்மூன்றாக எண்ணுவது. ‘வந்தான்’ என்ற சொல்லை எடுங்கள். முதல் மூன்று எழுத்து ‘வந்தா’. ஓரெழுத்து நகர்ந்தால் ‘ந்தான்’. சொற்களுக்கு நடுவே வரும் இடைவெளியையும் ஓர் எழுத்தாகவே கொள்வார்கள். தமிழில் விகுதியும் வேற்றுமை உருபும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், எழுதுபவர் கவனிக்காத பழக்கங்கள் இந்தத் துண்டுகளில் சிக்கிவிடும்.

பாரதியார் எழுதியது என்று உறுதியான கட்டுரைகள் ஒரு பக்கம், சுதேசமித்திரன் ஜி. சுப்பிரமணிய ஐயருடையவை மறுபக்கம். அடிக்கடி வரும் சில நூறு துண்டுகள் ஆயிரத்துக்கு எத்தனை முறை வருகின்றன என்று கணக்கிட்டு, சந்தேகக் கட்டுரை யாருக்கு நெருக்கம் என்று பார்க்கலாம்.

ஆனால் பிற்காலப் பதிப்பை நம்பக்கூடாது. சந்தி பிரித்து, ஒற்று திருத்தியவர் பதிப்பாசிரியர். நாம் அவரையே கண்டுபிடித்துவிடுவோம்! மூல இதழே வேண்டும். காங்கிரஸ் பற்றிய கட்டுரையைக் காங்கிரஸ் பற்றியதோடு ஒப்பிடுவது நல்லது. இல்லையேல் பொருள்தான் ஒத்துப்போகும். அரைப்பக்கக் குறிப்பில் எண்ணிக்கை போதாது.

முதலில், பாரதியாருடையது என்று தெரிந்த ஒரு கட்டுரையை ஒளித்துவைத்துச் சோதிக்க வேண்டும். அதையே தவறவிட்டால் மற்ற முடிவுகளைத் தள்ளிவிடலாம். சரியாகச் சொன்னாலும், உண்மையில் எழுதியவர் மூன்றாம் ஆளாக இருக்கக்கூடும்; ஒப்பிட்ட இருவரில் நெருக்கமானவரைத்தான் கணக்கு காட்டும்.