படம் சொன்ன பெயர்



கால்வாய் ஓரம் தழைத்து நின்ற இலையை என் பேரன் மேலிருந்து படமெடுத்தான். கைப்பேசி, "சேம்பு, 92 விழுக்காடு" என்றது. "தாத்தா, சமைக்கலாமா?" என்றான். இலையைத் திருப்பிப் பார்த்தேன். நாம் சமைக்கும் சேம்பிலே காம்பு இலையின் விளிம்பில் சேராது. உள்ளே தள்ளி, அடிப்புறத்தில் சேரும். இதிலோ பிளவின் முனையிலேயே சேர்ந்திருந்தது. மலாய்க்காரர்கள் 'பிரா' என்று சொல்லும் செடி அது. தின்றால் நாக்கும் தொண்டையும் அரித்து வீங்கும். அடிப்புறத்தைப் படமெடுத்தோம், பெயர் மாறிவிட்டது.

அப்போ அந்த 92 என்ன? தான் அறிந்த செடிகளுக்குள் எது அந்தப் படத்தோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று கைப்பேசி போட்ட மதிப்பெண், அவ்வளவுதான். காம்பு தெரியாத படத்துக்கும் மதிப்பெண் போடும். அறியாத செடிக்கும் அறிந்த பெயரையே சூட்டும். தின்னலாமா என்பதற்கு அது விடையல்ல.

ஆகவே இலையின் முன்புறம், பின்புறம், காம்பு சேரும் இடம் என மூன்று படம் எடுங்கள். பெயர் மாறினால் நம்பாதீர்கள். மாறாவிட்டாலும், இளஞ்செடியில் காம்பும் ஏமாற்றும். அடுப்பில் ஏற்றுமுன், சமைத்துப் பழகிய பாட்டியிடம் செடியையே காட்டுங்கள்.