காலில் சாக்ஸ், கண்ணில் தூக்கம்

(குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

போன மாதம் லிஃப்டில் ஒரு மாமி கேட்டார்: "ராத்திரி ஏசி போட்டா கால் ஜில்லுன்னு ஆயிடுது, தூக்கமே வரல. போர்வையைப் போர்த்தினா நடுராத்திரி வேர்க்குது. என்னதான் பண்றது?" எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அதனால் அதையே இன்று பேசுகிறேன்.

தூக்கம் வர, உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். அந்தச் சூடு வெளியேறும் முக்கிய வழி உள்ளங்கையும் உள்ளங்காலும். அங்கே தோலுக்கடியில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிந்தால் சூடான ரத்தம் தோல்வரை வந்து ஆறிப்போகும். கால் குளிர்ந்திருந்தால் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும், சூடு உள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் காலைக் கதகதப்பாக வைத்தால் உடம்பு ஆறுகிறது. கேட்க முரணாக இருக்கும், ஆனால் உண்மை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் 1999-இல் நேச்சர் இதழில் இதை எழுதினார்கள்: கைகால் சூடாக இருப்பவர்களுக்குத் தூக்கம் சீக்கிரம் வருகிறது.

என் அம்மாவுக்கு வயது 78. ஏசி 22-இல் ஓடும். மேலே பாலியஸ்டர் நைட்டி, கனத்த மைக்ரோஃபைபர் போர்வை. படுத்து ஒரு மணி நேரம் புரளுவார். கண் அசந்தபின் வேர்த்து விழிப்பார். உடம்பை மூடியது போர்வை, ஆனால் வேர்வையை அது உறிஞ்சவில்லை. காலோ படுக்கும்போதே ஜில்லிட்டிருந்தது.

மூன்று மாற்றம் செய்தோம். ஏசியை 26-க்கு ஏற்றினோம். நைட்டியும் விரிப்பும் பருத்திக்கு மாறின, போர்வைக்குப் பதில் பழைய பருத்திப் புடவையை இரண்டாக மடித்துப் போர்த்தினோம். படுக்கும் முன் தளர்வான பருத்தி சாக்ஸ். இப்போது பெரும்பாலும் கால் மணி நேரத்தில் தூங்கிவிடுகிறார். நடுவில் சாக்ஸை உதறிவிடுவார், அது போகட்டும். அதன் வேலை தூக்கம் வரும்வரைதான்.

உங்களுக்கு இது தேவையா என்று பார்ப்பது எளிது. படுத்ததும் புறங்கையால் பாதத்தைத் தொடுங்கள். ஜில்லென்றிருந்தால் சாக்ஸ் உதவும். மே மாதம் மின்விசிறியில் படுத்து, கால் ஏற்கெனவே சூடாக இருந்தால் சாக்ஸ் தொல்லைதான். அப்போது காலைத் திறந்து வையுங்கள்.

சாக்ஸின் ரப்பர் பட்டை கணுக்காலில் தழும்பு விடக்கூடாது, விட்டால் அது இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் வெந்நீர்ப் பை, ஹீட்டிங் பேட் பக்கம் போகவே வேண்டாம். சுட்டாலும் தெரியாது. இன்னொன்று, நம் வீடுகளில் வழவழ டைல்ஸ். ராத்திரி பாத்ரூம் போகும்போது சாக்ஸைக் கழற்றிவிட்டு இறங்குங்கள். அம்மா ஒருமுறை வழுக்கி, கதவைப் பிடித்து நின்றார். அன்றிலிருந்து கட்டிலருகே ரப்பர் செருப்பும் வைத்திருக்கிறோம்.