நாங்கள் கொடுத்த குடிநீர் மனு
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவதுதான் படிச்சவ. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

எங்க ஊரை நகராட்சியோட சேர்த்த பிறகு குழாயில தண்ணி எப்ப வரும்னே தெரியாது. முதல்ல ஒரு மனு கொடுத்தோம். ‘தண்ணீர் சரியாக வரவில்லை, தக்க நடவடிக்கை எடுக்கவும்’, அவ்வளவுதான். ரெண்டு மாசம் கழிச்சுப் போய்க் கேட்டா, “எந்த மனுமா? எப்ப கொடுத்தீங்க?”ங்கிறாங்க. காட்டுறதுக்கு எங்க கையில ஒரு சீட்டுகூட இல்லை.

அப்புறம் குழுக் கூட்டத்தில் பேசி ஒரு நோட்டு போட்டோம். தண்ணி வந்த தேதி, நேரம், தெரு முனை வீட்டுக்கு எத்தனை குடம், கடைசி வீட்டுக்கு எத்தனை குடம். 30 நாள் எழுதினோம். வந்தது 7 நாள். அதுல 4 நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல. முனை வீட்டுக்கு 20 குடம் கிடைச்சா கடைசி வீட்டுக்கு 3 குடம். ஆனா கரண்டு இல்லாத ஒரு நாள் மட்டும் கடைசி வீட்டுக்கு 11 குடம் வந்திருக்கு! அப்பத்தான் புரிஞ்சுது, நடுவுல மோட்டார் வச்சு உறிஞ்சுறாங்க. அந்த மோட்டாருல ஒண்ணு எங்க வீட்டுது. சொல்ல வெட்கமாத்தான் இருக்கு. அதைக் கழட்டச் சொன்னதுக்கு எங்க வீட்டுக்காரர் ரெண்டு நாள் என்கிட்ட பேசலை. கழட்டின பிறகுதான் மனு எழுத உக்காந்தேன்.

அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறையா போட்டு இப்படி எழுதினோம்:

“உயர்திரு ஆணையர் அவர்களுக்கு, ஐயா, வணக்கம். எங்கள் தெருவில் 62 குடும்பங்கள் வசிக்கிறோம். கடந்த 30 நாட்களில் 7 நாட்கள் மட்டுமே குடிநீர் வந்தது. விவரப் பட்டியல் இணைத்துள்ளோம். எனவே, மூன்று நாளுக்கு ஒருமுறை காலை 6 மணிக்குத் தண்ணீர் திறந்துவிடவும், குழாயில் நேரடியாகப் பொருத்தியுள்ள மோட்டார்களை ஆய்வு செய்து அகற்றவும், தண்ணீர் வராத வாரத்தில் லாரி மூலம் வழங்கவும், எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.”

தண்ணி திறந்துவிடுற தம்பியைப் பத்திக் குறையா எழுதணும்னு சிலர் சொன்னாங்க. நான் வேண்டாம்னேன். நோட்டுல அதுக்கு ஆதாரம் இல்லை.

ரெண்டு நகல் எடுத்துட்டுப் போய், ஒண்ணைத் தபால் பிரிவில் கொடுத்து, இன்னொண்ணுல முத்திரையும் தேதியும் வரிசை எண்ணும் வாங்கிக்கிட்டோம். முத்திரை வாங்கத்தான் ஒரு மணி நேரம் நின்னோம்.

பன்னிரண்டாம் நாள் ஆள் வந்து வீடு வீடாப் பார்த்து 5 மோட்டாரைக் கழட்டினாங்க. இப்ப மூணு நாளைக்கு ஒருதரம் காலையில வருது. கடைசி வீட்டுக்கு 9 குடம் கிடைக்குது. லாரி இன்னும் வரலை, எழுத்துல பதிலும் வரலை. பழைய வரிசை எண்ணைப் போட்டு நினைவூட்டு மனு எழுதி வச்சிருக்கோம். திங்கட்கிழமை கொடுக்கப் போறோம். நோட்டும் இன்னும் எழுதிக்கிட்டுதான் இருக்கோம்.