புள்ளி எங்கே நழுவுகிறது?
(அறப்பணி அறக்கட்டளையின் கல்வி நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பிள்ளைகள் எஸ்.பி.எம். தேர்வுக்கென்று வாங்கும் பயிற்சி நூல்கள் அலமாரியை நிறைத்துவிடுகின்றன. தேர்வு வாரியம் வெளியிட்டு வந்த 'குப்பாசான் மூத்து ஜவாப்பான்' என்னும் விடைத்தர ஆய்வறிக்கையை அங்கே காண்பது அரிது. சிறந்த, நடுத்தர, பின்தங்கிய மாணவர்கள் எப்படி எழுதினார்கள், எங்கே தடுமாறினார்கள் என்று கேள்விவாரியாக அதில் சொல்லியிருக்கும். எஸ்.டி.பி.எம். தேர்வுக்கும் மலேசியத் தேர்வு மன்றம் இத்தகைய அறிக்கையை வெளியிடுகிறது.

எங்கள் கிள்ளான் சனிக்கிழமை வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். வேதியியலில் 'வினை வேகம்' பாடம். ஒரே எடையுள்ள துத்தநாகத் தூளும் குறுமணியும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இடப்படுகின்றன. தூள் ஏன் விரைவாக வினைபுரிகிறது என்பது கேள்வி. ஒரு மாணவி, "தூள் சிறியது, ஆகவே மோதல் அதிகம்" என்று எழுதினாள். அவளுக்கு விஷயம் தெரியும். ஆனால் புள்ளி மிகக் குறைவு.

விடைத்தாளை அருகில் வைத்துக்கொண்டு, தேவையான விடையை நான்கு படிகளாகப் பிரித்தோம். தூளின் மொத்தப் புறப்பரப்பு அதிகம். அதனால் துத்தநாக அணுக்களும் ஹைட்ரஜன் அயனிகளும் மோதும் நிகழ்வெண் கூடுகிறது. பயனுள்ள மோதலின் நிகழ்வெண்ணும் கூடுகிறது. ஆகவே வினை வேகம் உயர்கிறது. அவள் எழுதியதில் மோதும் துகள்களின் பெயர் இல்லை, 'மொத்த' இல்லை, 'பயனுள்ள' இல்லை. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கு 'பெர்லாங்காரான் பெர்கேசான்' என்ற மலாய்ச் சொல் கைக்கு வரவில்லை என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இதே பாடத்தில் இன்னொரு குழப்பம் உண்டு. வெப்பநிலையை உயர்த்தினால் கிளர்வு ஆற்றல் குறையும் என்று எழுதுகிறார்கள். அது குறையாது. துகள்களின் இயக்க ஆற்றல் கூடுவதால், அந்த ஆற்றலை எட்டும் துகள்கள் அதிகமாகின்றன. கிளர்வு ஆற்றல் குறைந்த மாற்றுவழியைத் தருவது வினையூக்கியே.

அறிக்கையை ஆண்டு வரிசையில் படித்தால் பயன் குறைவு. பல ஆண்டுக் குறிப்புகளைப் பாடவாரியாக ஒரே நோட்டில் சேர்க்க வேண்டும். இடப்பக்கம் தவறு, வலப்பக்கம் தேவையான வாக்கியம். பிறகு பிள்ளையின் சொந்த விடைத்தாளை எடுத்து, அவன் செய்யும் தவறுகளுக்கு மட்டும் வட்டமிட வேண்டும். எல்லாருடைய தவறையும் மனப்பாடம் செய்ய வைக்கும் ஆசிரியர்களும் உண்டு, வீண் வேலை!

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 2021 எஸ்.பி.எம். முதல் புதிய பாடத்திட்டத்தின்படி வினாத்தாள் அமைப்பு மாறியது. அறிவியல் பாடங்களின் 3-ஆம் தாள் செய்முறைத் தேர்வாகிவிட்டது. எனவே பழைய அறிக்கைகளில் பாடக்கருத்து பற்றிய குறிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளிப் பங்கீட்டைப் புதிய மாதிரித் தாளில் பாருங்கள்.

அந்த மாணவி அடுத்த சனிக்கிழமை அதே கேள்விக்கு மீண்டும் எழுதினாள். 'பயனுள்ள' வந்துவிட்டது, 'மொத்த' மறுபடியும் விடுபட்டிருந்தது. நோட்டில் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் எழுதிக்கொண்டாள்.