எட்டு சதவீதமா, நம்ம கணக்கா?

மேடையில் பேசிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கோங்க. நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. ஆனா எங்க வீட்டு ஏலக்காய்க் கணக்கை ஏழு வருஷமா நான்தான் எழுதுறேன். அந்த நோட்டைப் பத்தித்தான் பேசப் போறேன்.

எங்க வீட்டுக்காரர் போடியில் சில்லறையாகவும் மொத்தமாகவும் ஏலக்காய் வியாபாரம் பண்றார். பெரிய வியாபாரிகள்கிட்ட வாங்கி, பொறுக்கி, ஏழு எம்.எம்., எட்டு எம்.எம். என்று சலிச்சுத் தரம் பிரிச்சு, வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புவோம். 2024-25 வருஷத்தில் எங்க விற்பனை, ஜி.எஸ்.டி. நீங்கலாக, 1 கோடியே 20 லட்சம். கோடி என்றதும் யாரும் கண் வைக்காதீங்க. கிலோ ரெண்டாயிரத்துக்கு மேல விக்கிற பொருளில் கோடி சீக்கிரம் வந்துரும். கையில் நிக்கிறதுதான் கொஞ்சம்.

சின்ன வியாபாரிக்கு வருமான வரியில் ஒரு சுலபமான வழி இருக்கு. 2024-25 கணக்குக்கு அது 44ஏடி பிரிவு. விற்பனை ரெண்டு கோடிக்குள்ள இருந்தா, விற்பனையில் 8 சதவீதம் லாபம் என்று அனுமானமா ஒத்துக்கிட்டுப் போயிரலாம். பில், ரசீது, தணிக்கை எதுவும் கேக்க மாட்டாங்க. அதே நேரம் வாடகை, கூலி, வட்டி என்று அதுக்கு மேல தனியாக் கழிக்கவும் விட மாட்டாங்க. எல்லாம் அந்தச் சதவீதத்துக்குள்ள அடங்கிப் போச்சு என்று அர்த்தம். கமிஷன் வியாபாரத்துக்கு இது கிடையாது. அடுத்தவங்க காயை வித்துக் குடுத்துக் கமிஷன் வாங்குறவங்க இந்த வழியில் போக முடியாது.

முந்தின வருஷமும் இந்த வழியில்தான் போயிருந்தோம். போன வருஷம் ரிட்டன் தயார் பண்ணினவர் காகிதத்தை நீட்டினப்போ லாபம் 9 லட்சத்து 60 ஆயிரம் என்று இருந்துச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. வீட்டில் அவ்வளவு பணம் இருந்தா நான் ஏன் குழுவில் கடன் கேட்டு நிக்கிறேன்? வரி மட்டும் 47,840 ரூபாய்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். முதல் தடவை நான் போட்ட கணக்கும் தப்புதான். அதை மறைக்காமச் சொல்றேன். விற்பனை 120 லட்சம், கொள்முதல் 115 லட்சம், செலவு 3 லட்சம். கழிச்சா 2 லட்சம்தான் லாபம் என்று சந்தோஷமா எழுதிட்டேன். அப்புறம்தான் குடோனில் கிடக்கிற மூட்டை ஞாபகம் வந்துச்சு. ஏப்ரல் 1-ஆம் தேதி இருப்பு 6 லட்சத்துக்கு. மார்ச் 31-ல் இருப்பு ஏழரை லட்சத்துக்கு. அந்த வருஷம் வாங்கினதில் ஒன்றரை லட்சத்துக் காய் விக்காம எங்ககிட்டயேதான் இருக்கு. அதை வித்துட்ட மாதிரிக் கொள்முதலில் கழிக்கக் கூடாது. ஆக, வித்த காயின் அசல் 113 லட்சத்து 50 ஆயிரம். விற்பனையில் அதைக் கழிச்சா ஆறரை லட்சம். அதில் கடை வாடகை, பொறுக்குகூலி, சாக்கு, லாரி வாடகை, வங்கி வட்டி, கரண்ட் எல்லாம் சேர்த்து 3 லட்சம் போக, உண்மையான லாபம் மூன்றரை லட்சம். நூறு ரூபாய் விற்பனைக்கு மூணு ரூபாய்கூட முழுசா நிக்கலை. கல்லாவில் எடுத்த பள்ளிக்கூட ஃபீஸையும் மளிகைச் செலவையும் இதில் சேர்க்கலை. அது வியாபாரச் செலவு இல்லை. அதைச் சேர்த்தா லாபம் இன்னும் கொஞ்சமாத் தெரியும், ஆனா அது பொய்க் கணக்கு.

அடுத்து இன்னொரு விஷயம் கண்ணில் பட்டுச்சு. வங்கி வழியாகவோ, ஜி-பே மாதிரியோ வந்த விற்பனைப் பணத்துக்கு 8 இல்லை, 6 சதவீதம் போதும். ரொக்கத்துக்குத்தான் 8. எங்களுக்கு 90 லட்சம் வங்கியில் வந்தது, 30 லட்சம்தான் ரொக்கம். ரிட்டன் தயார் பண்ணினவர் நாங்க பிரிச்சுச் சொல்லாததால் மொத்தத்துக்கும் 8 போட்டுட்டார். பிரிச்சுப் போட்டா 5 லட்சத்து 40 ஆயிரமும் 2 லட்சத்து 40 ஆயிரமும், சேர்த்து 7 லட்சத்து 80 ஆயிரம். வரி 29,120. பாஸ்புக்கைப் பாத்த அந்த ஒரு சாயங்காலத்தில் 18,720 ரூபாய் மிச்சம்.

ஆனாலும் மூன்றரை லட்சத்துக்கு 7 லட்சத்து 80 ஆயிரம் ரெண்டு மடங்குக்கு மேல. அப்போ நம்ம சொந்தக் கணக்கையே காட்டினா என்ன? புது வரி முறையில் மூன்றரை லட்சத்துக்கு, அந்த வருஷத் தள்ளுபடி போக, வரியே இல்லை. நான் அதுதான் சரி என்று அடம்பிடிச்சேன்.

அப்புறம் ஒரு ஆடிட்டர்கிட்ட விசாரிச்சோம். சொந்தக் கணக்கில் போனா, விற்பனை ஒரு கோடியைத் தாண்டி, ரொக்கமும் 5 சதவீதத்துக்கு மேல இருக்கிறதால் தணிக்கை கட்டாயம் என்றார். எங்களுக்கு ரொக்கம் நூத்துக்கு இருபத்தஞ்சு. தணிக்கைக்கு அவர் கேட்டது 25,000. வரி 29,120 கட்டுறதா, 25,000 கூலி குடுக்கிறதா? வித்தியாசம் 4,120 ரூபாய். அதுக்காக ஒவ்வொரு பில்லையும் தேடி அடுக்கணும். எங்களுக்குப் பொறுக்குற பொம்பளைங்க ஒருத்தரும் ரசீது தர மாட்டாங்க. அதுக்கும் மேல ஒண்ணு சொன்னார். அனுமான வழியில் வந்துட்டு, அஞ்சு வருஷத்துக்குள்ள குறைச்சுக் காட்டி வெளியே போனா, அடுத்த அஞ்சு வருஷம் திரும்பி அந்த வழிக்கு வர முடியாது.

நாலாயிரத்துக்காக அஞ்சு வருஷக் கதவைச் சாத்த வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு மனசு ஆறலை, ஆனாலும் 29,120 கட்டினோம். அது நல்லதாப் போச்சு. 2025-26 வருஷத்தில் இருந்து, புது முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் வரைக்கும் வரி இல்லை என்று ஆக்கிட்டாங்க. அதே விற்பனைக்கு அதே 7 லட்சத்து 80 ஆயிரம் காட்டினாலும் இப்ப வரி பூஜ்யம். வெளியே போயிருந்தா வருஷா வருஷம் தணிக்கைக்கூலி அழுதுட்டிருப்போம்.

ஆனா எல்லா வருஷமும் இப்படி இருக்காது. 2019-ல் ஏலக்காய் கிலோ 7,000 வரைக்கும் ஏலம் போனது, 2022-ல் ஆயிரத்துக்கும் கீழே வந்தது உங்க எல்லாருக்கும் தெரியும். மலைக்கு ஜீப்பில் போயிட்டு வர்றவங்களுக்கு என்னைவிட நல்லாவே தெரியும். ஏறின விலைக்கு வாங்கிப் போட்டு, இறங்கின விலைக்கு வித்தா நஷ்டம்தான். அனுமான வழி நஷ்டத்தை ஒத்துக்காது. நஷ்டத்திலும் லாபம் என்றே எழுதும். சொந்தக் கணக்கில் காட்டினா அந்த வியாபார நஷ்டத்தை எட்டு வருஷம் வரைக்கும் பின்னாடி வர்ற லாபத்தில் கழிச்சுக்கலாம். லட்சக்கணக்கில் நஷ்டம் வந்த வருஷம், தணிக்கைக்கூலியும் அஞ்சு வருஷக் கட்டும் பெருசாத் தெரியாது.

அதனால அனுமான வழியில் போனாலும் நான் நோட்டை நிறுத்தலை. விற்பனைக்கு ரெண்டு பத்தி வச்சிருக்கேன், ஒண்ணு ரொக்கம், ஒண்ணு வங்கி. மார்ச் 31 சாயங்காலம் கடையை மூடினதும் மூட்டை மூட்டையாத் தராசில் ஏத்தி, எடையும் வாங்கின விலையும் எழுதி வைக்கிறோம். போன தடவை ராத்திரி பதினொரு மணி ஆயிருச்சு. கடைசி மூட்டையை வீட்டுக்காரர் தூக்கிப் பிடிக்க, நான் டார்ச் அடிச்சு முள்ளைப் பார்த்து எழுதினேன்.